பெஸ்ட் ஃபைவ் சதவீதம்: ஆங்கிலத்தைக் கழிக்கலாமா?

கவலை அப்பா: என் பொண்ணு சிபிஎஸ்இ பத்தாவது முடித்திருக்கிறாள். ஆங்கிலம் 61, தமிழ் 70, கணிதம் 88, அறிவியல் 84, சமூக அறிவியல் 82, ஆறாவது பாடமாக ஐடி 94. பெஸ்ட் ஃபைவ், அதாவது ஆறில் நல்ல ஐந்தை மட்டும் எடுத்து சதவீதம் போட்டால் எனக்கு 83.6 வருகிறது. பதினொன்றாம் வகுப்பு கேட்டுப் போன பள்ளியில் 81.8 என்று எழுதிக்கொண்டார்கள். எது சரி?

மீனா டீச்சர்: இரண்டு கணக்கிலும் பிழை இல்லை சார், விதிதான் வேறு. நீங்கள் ஆங்கிலத்தைக் கழித்துவிட்டு மீதி ஐந்தையும் கூட்டி 418 எடுத்திருக்கிறீர்கள். அவர்கள் ஆங்கிலம் 61-ஐ முதலில் வைத்துவிட்டு, மீதியில் நல்ல நான்கை எடுத்திருக்கிறார்கள்: 94, 88, 84, 82. மொத்தம் 409. அங்கே கழிந்தது தமிழ். சிபிஎஸ்இ மதிப்பெண் பட்டியலில் சதவீதமே இருக்காது. ஐந்துக்கு மேல் பாடம் எழுதியிருந்தால் எந்த ஐந்து என்பதைச் சேர்க்கிற நிறுவனமே முடிவு செய்யலாம் என்று 2023-இல் வாரியம் சொல்லிவிட்டது.

ராகவன்: ஆறாவது பாடம் குறைந்த பாடத்துக்குப் பதிலாகப் போகும் என்பது வாரிய விதிதானே? அப்படியானால் ஆங்கிலத்தின் இடத்தில் ஐடி வந்தாக வேண்டும். பள்ளி மறுக்க முடியாது.

மீனா டீச்சர்: அந்த விதி இருக்கிறது, ஆனால் அது ஃபெயிலானவர்களுக்கு. கணிதம், அறிவியல், சமூக அறிவியலில் ஒன்று போனால் ஐடி போன்ற திறன் பாடம் அந்த இடத்தைப் பிடிக்கும். மொழியில் ஃபெயிலானால் கூடுதலாக எழுதிய இன்னொரு மொழிதான் வர முடியும், ஐடி வராது. இந்தப் பெண் எல்லாவற்றிலும் பாஸ். சதவீதத்துக்கும் அந்த விதிக்கும் தொடர்பு இல்லை.

செல்வி: அப்போதும் மொழியைக் கட்டாயமாக்குவது அநியாயம்தான். கணக்கில் 88 வாங்கிய பிள்ளையை ஆங்கிலக் கட்டுரையை வைத்து இறக்குவதா? மொழியில் பாஸானால் போதும், சதவீதத்தில் ஏன் ஒட்ட வேண்டும்?

தணிகை: ஒட்டத்தான் வேண்டும். பதினொன்றில் எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில்தான் படிக்கப் போகிறாள். 61 என்பது அங்கே தெரிய வேண்டிய எண். "மொழி கணக்கில் வராது" என்று தெரிந்தால் ஒன்பதாவதிலேயே மொழி வகுப்பைப் பிள்ளைகள் கைகழுவிவிடுவார்கள்.

மும்பைக்காரன்: எங்கள் மகாராஷ்டிரா மாநில வாரியத்தில் ஆறு பாடம், அதில் மூன்று மொழி. எல்லாவற்றிலும் பாஸாக வேண்டும், ஆனால் சதவீதத்தில் குறைந்த பாடம் எதுவானாலும் கழியும். என் பையனுக்கு இந்தி கழிந்தது, சதவீதம் ஏறியது. 2010-இல் இந்த முறைக்கு எதிராக வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கேதான் நிலைத்தது. எந்தப் பிள்ளையும் மொழியை விட்டுவிடவில்லை.

தணிகை: மூன்று மொழியில் ஒன்று போனாலும் இரண்டு நிற்கிறதே. அதை இங்கே ஒப்பிட முடியாது.

மீனா டீச்சர்: தணிகை சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஆறு பாடத்தில் இரண்டு மொழி, கழிவது ஒன்றே ஒன்று. அதனால் ஒரு மொழி எப்படியும் உள்ளே இருந்தே தீரும். "ஏதாவது ஒரு மொழி கட்டாயம்" என்று போட்டால் இந்தப் பெண்ணுக்கு எதுவும் மாறாது, 83.6-தான். "ஆங்கிலம் கட்டாயம்" என்றால் 81.8. "இரண்டு மொழியும் கட்டாயம்" என்றால் 61, 70, அப்புறம் 94, 88, 84: மொத்தம் 397, அதாவது 79.4. ஆகவே "மொழி கட்டாயமா?" என்று பள்ளியில் கேட்காதீர்கள். "எந்த மொழி, எத்தனை?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

செல்வி: ஆங்கிலம் மட்டும் கட்டாயம், தமிழ் மட்டும் கழியலாம் என்பது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்புகிறது. தமிழில் 95 வாங்கி ஆங்கிலத்தில் 61 வாங்கியவளும் அதே 61-ஐச் சுமக்க வேண்டுமா?

தணிகை: எனக்குக் கோபம் வேறு இடத்தில். ஆறாவது பாடம் இல்லாத பள்ளியில் இவள் படித்திருந்தால் 385, வெறும் 77. தமிழ்நாட்டு மாநில வாரியத்தில் ஐந்தே பாடம், கழிக்க எதுவும் இல்லை. அந்தப் பிள்ளையும் இவளும் ஒரே பட்டியலில் நிற்கும்போது ஐடி பாடம் ஒன்றே இவளை ஏற்றிவிடுகிறது. இதற்கு என்ன பதில்?

மும்பைக்காரன்: எங்கள் ஊரில் ஐசிஎஸ்இ பிள்ளைகளைப் பார்த்து மாநில வாரியப் பிள்ளைகள் கேட்ட கேள்வியும் இதுதான். அதனால்தான் பெஸ்ட் ஃபைவ் வந்தது.

கவலை அப்பா: சரி டீச்சர். வேறு இரண்டு பள்ளிகளின் விண்ணப்பத்தில் சதவீதத்துக்கு ஒரு கட்டம் மட்டும் இருக்கிறது, விதி எதுவும் இல்லை. எதை எழுதட்டும்?

மீனா டீச்சர்: முதலில் அலுவலகத்தில் கேளுங்கள் சார். பதில் வராவிட்டால் 81.8 எழுதி, பக்கத்தில் "ஆங்கிலம் + சிறந்த 4" என்று குறியுங்கள். மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கும்போது எண் குறைந்தால்தான் சிக்கல். அறிவியல் பிரிவு என்றால் பெரும்பாலும் கணிதமும் அறிவியலும்தான் முதலில் பார்ப்பார்கள்.

செல்வி: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விதி சொல்லாதவர்களிடம் 83.6 எழுதுவது அவளுடைய உரிமை. கணக்கை மட்டும் பக்கத்தில் காட்டிவிடுங்கள் அண்ணா.