முட்டம் கரையிலிருந்து காமா வெலோரம்: நிறமாலை எடுத்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தக்கலைக்காரன்

மாசி மாசம் ராத்திரி ஒன்பது மணி வாக்குல முட்டத்துல நின்னு தெக்க பாத்தா, அகத்திய நட்சத்திரத்துக்குக் கிழக்க, கடலுக்கு மேல 35 டிகிரி உயரத்துல காமா வெலோரம்ங்கிற நட்சத்திரம் நிக்கும். டெல்லியில இருக்கவங்களுக்கு இது 14 டிகிரிக்கு மேல ஏறாது. அந்த வகையில நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குக் கொடுப்பினைதான்.

நான் பயன்படுத்துனது சாதாரண டிஎஸ்எல்ஆர், 85 மி.மீ. லென்ஸ், அதுக்கு முன்னால ஒளியை நிறம் நிறமாப் பிரிக்கிற, ஒரு மில்லிமீட்டருக்கு 100 கோடு உள்ள கிரேட்டிங். நட்சத்திரத்தைப் பின்தொடரும் மோட்டார் கிடையாது. கிரேட்டிங்கைத் திருப்பி, நிறமாலை வடக்கு தெக்கா விழுற மாதிரி வச்சா போதும். பத்து செகண்ட் திறந்து வச்சா நட்சத்திரம் மேற்க நகரும், நூல் மாதிரி இருக்க வேண்டிய நிறமாலை பட்டையா விரியும். அப்பதான் கோடு கண்ணுக்குத் தெரியும். கலங்கரை விளக்கத்தோட வெளிச்சம் லென்ஸ்ல அடிக்காத இடமாப் பாத்து நிக்கணும். உப்புக் காத்துல கிரேட்டிங் மங்கிரும், அதனால ஒவ்வொரு படத்துக்கும் நடுவுல மூடி வைங்க.

முதல்ல சிரியஸ் எடுத்தேன். வானவில் பட்டையில கறுப்புக் கோடுகள், எல்லாம் ஹைட்ரஜன். அடுத்தது காமா வெலோரம். அதுல கறுப்புக் கோட்டைக் காணோம், பட்டைக்கு மேல பளிச்சுனு ஒளித்திட்டுகள்! நீலத்துல ஒண்ணு, மஞ்சள்ல ரெண்டு ஒட்டி ஒட்டி. நட்சத்திரத்தோட நிறமாலையில ஒளி கூடித் தெரியுறதை அன்னைக்குத்தான் பாத்தேன். வேற யாராவது எடுத்திருக்கீங்களா?

குளச்சல் வள்ளம்

நாங்க கடல்ல தினமும் பாக்கோமே. அகத்திய நட்சத்திரம் எழும்பும்போது செவப்பு, பச்சை, நீலம்னு மாறி மாறி மின்னும். கேமரா ஒண்ணும் வேண்டாம். இதும் நீங்க சொல்லுத நிறமாலைதானே?

தக்கலைக்காரன்

அது நட்சத்திரத்தோட வேலை இல்ல அண்ணே, நம்ம காத்தோட வேலை. அடிவானத்துக்குப் பக்கத்துல ஒளி நிறைய காத்தைத் தாண்டி வருது. காத்து நிறங்களைக் கொஞ்சம் பிரிச்சு, அலைக்கழிச்சு, ஒரு கணம் செவப்பையும் அடுத்த கணம் பச்சையையும் கண்ணுக்கு அனுப்புது. அதே நட்சத்திரம் நல்லா மேல ஏறி வந்தா வெள்ளையா நிக்கும் பாருங்க.

குளச்சல் வள்ளம்

அது சரிதான். மேல வந்தா அவ்வளவா மின்னாது.

பூதப்பாண்டி டீச்சர்

நான் பள்ளிக்கூடத்துல வேதியியல் எடுக்குறேன். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி அலைநீளங்கள் உண்டு. கோடு தடியா இருந்தா அந்தத் தனிமம் அதிகம், மெலிசா இருந்தா குறைவு. சிரியஸ்ல ஹைட்ரஜன் கோடு தடி, அதனால ஹைட்ரஜன் அதிகம். சூரியன்ல மெலிசு, அங்கே குறைவு. காமா வெலோரத்துல கோடே இல்லைன்னா ஹைட்ரஜனே இல்லைன்னு அர்த்தம். பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுக்குறேன்.

கோட்டாறு பெரியவர்

டீச்சர், முதல் பாதி சரி. ஆனா தடிமனை வச்சு உடனே அளவு சொல்லிவிட முடியாது, முதலில் வெப்பநிலையைக் கேட்க வேண்டும். சூரியனும் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான். நாம் கண்ணால் பார்க்கும் ஹைட்ரஜன் கோடு விழ, அணுவின் எலக்ட்ரான் ஏற்கெனவே இரண்டாம் ஆற்றல் படியில் ஏறி நிற்க வேண்டும். சூரியனின் 5,800 டிகிரியில் அப்படி நிற்பவை மிகச் சொற்பம். சிரியஸின் 10,000 டிகிரியில் ஏராளம். அதைவிட மிகவும் சூடானால் எலக்ட்ரான் அணுவை விட்டே போய்விடும், கோடு மறுபடி மெலியும். மேகநாத் சாஹா 1920இல் தந்த சமன்பாடு இந்தக் கணக்குதான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு 1925இல் சிசிலியா பெய்ன், கோடுகள் எப்படித் தெரிந்தாலும் நட்சத்திரங்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று காட்டினார்.

தம்பி எடுத்தது ஊல்ஃப்-ராயே வகை நட்சத்திரம். வெளி உறையைக் காற்றாக ஊதித் தள்ளி, உள்ளே ஹீலியம் எரிந்து உண்டான கார்பனை வெளியே காட்டுகிறது. அந்தத் திட்டுகள் எல்லாம் கார்பன்தான். 1871இல் சென்னை வான்காணகத்திலிருந்தே ரெஸ்பிகி என்ற இத்தாலியர் இதே நட்சத்திரத்தில் இதே ஒளிக்கோடுகளைப் பார்த்திருக்கிறார். பிக்சல் கணக்கைப் போடுங்கள், சரிபார்ப்போம்.

தக்கலைக்காரன்

சிரியஸ் படத்துல, நிறம் பிரியாம விழுற நட்சத்திரப் புள்ளியிலிருந்து 4861 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துல இருக்குற ஹைட்ரஜன் கோடு வரை 1034 பிக்சல். அப்ப ஒரு பிக்சல் 4.70 ஆங்ஸ்ட்ராம். லென்ஸையும் குவியத்தையும் தொடாம காமா வெலோரம் எடுத்தேன். திட்டுகள் 990, 1212, 1236 பிக்சல்ல. பெருக்கினா 4653, 5696, 5809.

கோட்டாறு பெரியவர்

அச்சாக வந்திருக்கிறது. 4650உம் 5696உம் இரண்டு எலக்ட்ரான் இழந்த கார்பன். 5808 மூன்று எலக்ட்ரான் இழந்தது. கார்பனிடமிருந்து மூன்றாவது எலக்ட்ரானைப் பிடுங்குவது சாதாரண சூட்டில் நடக்காது. அந்த நட்சத்திரம் 50,000 டிகிரிக்கும் மேல் என்பதற்கு அந்த 5808 சாட்சி. திட்டின் அகலம் எவ்வளவு?

தக்கலைக்காரன்

5808 திட்டு பாதி உயரத்துல 14 பிக்சல். நட்சத்திரப் புள்ளியே 3 பிக்சல் தடிமன்.

கோட்டாறு பெரியவர்

புள்ளியின் தடிமனை வர்க்கக் கணக்கில் கழித்தால் 13.7 பிக்சல், அதாவது 64 ஆங்ஸ்ட்ராம். காற்று நட்சத்திரத்திலிருந்து எல்லாப் பக்கமும் பாய்கிறது. நம்மை நோக்கி வரும் பகுதியின் ஒளி நீலப்பக்கம் நகரும், விலகும் பகுதியின் ஒளி சிவப்புப்பக்கம் நகரும். கோடு அகன்றது அதனால்தான். பாதி அகலம் 32, அதை 5808ஆல் வகுத்து ஒளியின் வேகத்தால் பெருக்கினால் நொடிக்கு 1,650 கிலோமீட்டர். ஆனால் 5808 என்பது 5801, 5812 என்று இரண்டு கோடுகள் ஒட்டியது, அதனால் உங்கள் எண் கொஞ்சம் கூடுதல். பெரிய தொலைநோக்கிகளில் அளந்தது ஏறத்தாழ 1,450 முதல் 1,500 வரை. காவலூர் வான்காணகத்தில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், வெறும் கேமராவுக்கு இது மிக நல்ல அளவு.

பூதப்பாண்டி டீச்சர்

சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனா உங்க வாதப்படியே கேட்கிறேன். அவ்வளவு சூட்டில் ஹைட்ரஜன் எலக்ட்ரானை இழந்து மறைந்துதானே இருக்கும்? அது அங்கே இல்லைன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?

கோட்டாறு பெரியவர்

நல்ல கேள்வி. ஓர் எலக்ட்ரான் இழந்த ஹீலியத்துக்கு வரிசையாகக் கோடுகள் உண்டு. அவற்றில் ஒன்று விட்டு ஒன்று ஹைட்ரஜன் கோட்டின் மேலேயே விழும். 4859 ஹைட்ரஜனோடு சேரும், 5411 சேராது. ஹைட்ரஜன் ஒளிந்திருந்தால், இழந்த எலக்ட்ரான் திரும்பி வந்து சேரும்போது ஒளி விட்டு, சேரும் கோடுகளை மட்டும் பலப்படுத்தும். கார்பன் மிகுந்த இந்த வகையில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் தம்பியின் படத்தில் இதைச் சோதிக்க முடியாது. அந்தப் புள்ளிக்குள் சூடான இன்னொரு நட்சத்திரமும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதுதான் கூடுதல் பிரகாசம். அதன் ஹைட்ரஜன் கறுப்புக் கோடுகள் மேலே விழுந்து குழப்பும்.

தக்கலைக்காரன்

ரெண்டும் 78.5 நாளுக்கு ஒருக்கா சுத்துதுன்னு படிச்சேன். அந்த ஓட்டத்தை இந்த கிரேட்டிங்ல பிடிக்க முடியுமா?

கோட்டாறு பெரியவர்

முடியாது. ஊல்ஃப்-ராயே நட்சத்திரம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மாறும் வேகம் நொடிக்குச் சுமார் 240 கிலோமீட்டர். 5808இல் அது 4.7 ஆங்ஸ்ட்ராம், உங்களுக்கு ஒரே ஒரு பிக்சல். திட்டோ 14 பிக்சல் அகலம். லென்ஸ் குளிர்ந்தாலே குவியம் அதைவிட நகரும்.

மணக்குடி நிழல்

எனக்கு அப்படித் தோணல ஐயா. அகலமான திட்டானாலும் நடுப்புள்ளியைப் பிக்சல்ல பத்துல ஒரு பங்கு வரை கணிக்கலாம். நட்சத்திரப் புள்ளியும் அதே படத்துல விழுது. ஒவ்வொரு ராத்திரியும் அம்பது படம் எடுத்துச் சராசரி போட்டா, குவியம் நகர்ந்தாலும் புள்ளிக்கும் திட்டுக்கும் இடையிலான தூரத்தை அளக்கலாமே.

கோட்டாறு பெரியவர்

குவியம் மாறினால் அந்தத் தூரமும் மாறும். ஒவ்வொரு இரவும் சிரியஸையும் எடுத்து அளவுகோலைத் திருத்தினால் கொஞ்சம் நம்பலாம். அப்போதும் திட்டின் வடிவமே நாளுக்கு நாள் மாறக்கூடும், இரண்டு நட்சத்திரங்களின் காற்றும் மோதிக்கொள்கிறதே. நான் நம்ப மாட்டேன், ஆனால் எடுப்பதைத் தடுக்கவும் மாட்டேன்.

தக்கலைக்காரன்

மாசியிலிருந்து சித்திரை வரை சாயங்கால வானத்துல கிடைக்கும், ஒரு சுத்து முழுசா வரும். மேகம் இல்லாத ராத்திரியெல்லாம் சிரியஸோட சேர்த்து எடுக்கேன். மணக்குடிக்காரரே, சராசரி போடுற கணக்கை நீங்க பாருங்க.