சந்தேகம்: வாட்ஸ்அப்பில் வந்த மூன்று முயல் படங்களில் எவற்றை நேரில் பார்க்கப் போகலாம்?

உறையூர்வாசி:
வீட்டில் வளர்க்க ஒரு முயல் வாங்க விரும்புகிறோம். விற்பவர் வேறு ஊரில் இருப்பதால் படங்களை மட்டும் அனுப்பியிருக்கிறார். முதலாவது வெள்ளை முயல். கண்கள் சிவப்பு, காதுகள் நிமிர்ந்துள்ளன. இரண்டாவது பழுப்பு நிறக் குட்டி. ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று பக்கவாட்டில் சாய்ந்தும் இருக்கிறது. அதற்கு இரண்டு மாதம் ஆகிறது என்றும், 'மினி லாப்' என்றும் சொல்கிறார். மூன்றாவது சாம்பலும் வெள்ளையும் கலந்தது. முதுகை வளைத்துக் குந்தியிருக்கிறது, இடது கண்ணுக்குக் கீழே ரோமம் கறுத்துத் தெரிகிறது. எதைத் தவிர்க்க வேண்டும்?

காவிரிக்கரை:
முதல் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். கண் சிவந்திருந்தால் அது நோய். காது சாய்ந்திருந்தால் உள்ளே சொறிப்பூச்சி இருக்கிறது என்று பொருள். மூன்றாவதைக் குளிப்பாட்டிவிட்டுப் படம் எடுத்திருப்பார்கள், அதனால்தான் ரோமம் ஈரமாகிக் கறுத்துத் தெரிகிறது.

கொல்லிமலை:
காதுச் சொறியைப் பற்றி நண்பர் எச்சரித்தது சரிதான், ஆனால் மற்றவற்றை நான் ஏற்கவில்லை. நியூசிலாந்து ஒயிட் போன்ற வெள்ளை முயல்களின் கருவிழியில் நிறமி இல்லாததால், உள்ளே ஓடும் இரத்தத்தின் நிறமே சிவப்பாகத் தெரிகிறது. அது பிறவி இயல்பு. இமையின் விளிம்பு வீங்கியிருக்கிறதா, கண்ணோரம் பீளை இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சாய்ந்த காதைப் பொறுத்தவரை, லாப் என்பது காது தொங்கும் இனம்; லாப் கலப்புக் குட்டிகளுக்கு முதல் சில மாதங்களில் ஒரு காது ஏறியும் மற்றொன்று இறங்கியும் இருப்பது சாதாரணம். நம் ஊர் வெயிலில் நிமிர்ந்த காது முயல்கள்கூட காதைத் தளர்த்திவிடும். எனவே காதைப் பார்ப்பதற்கு முன் தலையைப் பாருங்கள். நேர் எதிரே எடுத்த படத்தில் இரண்டு கண்களையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அது தரைக்கு இணையாக இருக்க வேண்டும். தலையே ஒரு பக்கம் திரும்பியிருந்தால், உட்காது நோயோ நரம்பு நோயோ இருக்கலாம். தலை நேராக இருந்து காது மட்டும் சாய்ந்திருந்தால், காதின் உட்புறத்தைக் காட்டும் படம் கேளுங்கள். சொறி இருந்தால் பழுப்பு நிறப் பொருக்கு அடுக்கடுக்காகப் படிந்திருக்கும்.

என்னைக் கவலைகொள்ள வைப்பது மூன்றாவதுதான். மேல் கடைவாய்ப் பற்களின் வேர் வளர்ந்து கண்ணீர்க் குழாயை அழுத்தினால், கண்ணீர் வழிந்து அந்த இடத்து ரோமம் இப்படித்தான் ஒட்டிக் கறுக்கும். முன்னங்கால்களின் உட்புறத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முயல் தன் மூக்கை அந்த இடத்தில்தான் துடைக்கும்; ஆகவே மூக்கில் சளி இருந்தால், முகத்தைத் துடைத்துப் படம் எடுத்தாலும் கால் காட்டிக்கொடுத்துவிடும். வளைந்த முதுகை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன், ஏனெனில் நிம்மதியாக ஓய்வெடுக்கும் முயலும் உருண்டையாகத்தான் அமர்ந்திருக்கும். கண்ணைப் பாதி மூடி, காதைப் பின்னுக்கு இறுக்கி அமர்ந்திருந்தால் அது வலியாக இருக்கலாம்.

செங்காந்தள்:
எங்கள் பெண் முயலுக்குத் தாடைக்குக் கீழேயும் வயிற்றிலும் ரோமம் போய்விட்டது. சொறி என்று பயந்தோம். மருத்துவர் பார்த்துவிட்டு, அது பொய்ச் சினை, கூடு கட்டுவதற்காகத் தானே பிடுங்கியிருக்கிறது என்றார். இந்தப் படங்களிலும் அப்படி வழுக்கை தெரிகிறதா?

கொல்லிமலை:
அம்மா, இவர் வழுக்கை எதையும் குறிப்பிடவில்லை. ஆனாலும் நீங்கள் சொன்னது பயன்படும்: பிடுங்கிய இடத்தில் தோல் வழவழப்பாக இருக்கும், சொறியானால் மூக்கு, காது விளிம்பு, பாதம் ஆகிய இடங்களில் வெளிறிய பொருக்கு கட்டும்.

உறையூர்வாசி:
படங்கள் வந்துவிட்டன. மூன்றாவதின் முன்னங்காலில் உட்புற ரோமம் கஞ்சி தோய்த்து உலர்ந்ததுபோல் விறைத்துத் திரிதிரியாக நிற்கிறது. இரண்டாவதின் காது உள்ளே சுத்தமாக, இளஞ்சிவப்பாக இருக்கிறது. தலையும் நேராக உள்ளது. ஆனால் அதற்கு உண்மையிலேயே இரண்டு மாதம் ஆகிறதா?

காவிரிக்கரை:
அப்படியானால் மூன்றாவதற்குச் சளிதான். மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். விலை குறைத்துக் கேட்டு வாங்கலாமே?

கொல்லிமலை:
இந்தச் சளி மருந்தில் அடங்கினாலும் திரும்பத் திரும்ப வருவதுண்டு. முதன்முறை வளர்ப்பவர் அதை எடுத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விற்பவரிடம் சொல்லி மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள். அதே கூண்டில் மற்ற இரண்டும் இருந்தனவா என்றும் கேளுங்கள், ஏனெனில் அது தொற்றும்.

வயதைப் படத்தில் உறுதியாகச் சொல்ல இயலாது. தலை உடம்புக்குப் பெரிதாகவும், நெற்றி உருண்டும், காது குட்டையாகவும் இருந்தால் ஐந்தாறு வாரக் குட்டியாக இருக்க வாய்ப்புண்டு. குட்டியாக இருப்பதையே சிறிய இனம் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரித்துக் கொண்டுவந்தால், பயணமும் தீவன மாற்றமும் சேர்ந்து கழிச்சலில் கொண்டுபோய் விடும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் பக்கத்தில் வைத்து, பக்கவாட்டில், முயலின் உயரத்திலிருந்து ஒரு படமும், உலர்ந்த புல்லை மெல்லும் காணொளியும் கேளுங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் எல்லா முயலும் கொழுகொழுவென்றுதான் தெரியும்.

உறையூர்வாசி:
மூன்றும் வேறுவேறு கூண்டுகள், ஆனால் ஒரே கொட்டகை என்கிறார். பாட்டிலுடன் இன்னும் படம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை முயலைப் பார்க்கப் போகிறோம். அதன் முன்னங்காலை முதலில் திருப்பிப் பார்க்கிறேன்.