ஃபைல்ல இருந்து மொத்தமா ரேட் ஏத்துனப்ப உங்களுக்கு என்ன நடந்துச்சு?

சிம்மக்கல் பைப்புக்கடை
நம்ம கதைய முதல்ல சொல்லிடுறேன். போன மாசம் கம்பெனிக்காரன் புது ரேட் லிஸ்ட் அனுப்புனான், 1840 ஐட்டம், எல்லாம் 5-6 சதவீதம் ஏத்தம். கையில மாத்துனா மூணு நாள் சோலின்னு கடப்பையன் எக்செல்ல போட்டு சிஎஸ்வியா சேவ் பண்ணி பில்லிங் சாஃப்ட்வேர்ல ஏத்துனான். பிரிவியூ வந்துச்சு, "மாறுவது 1840, பிழை 0"ன்னு காட்டுச்சு, முதல் 25 வரி மட்டும் தெரிஞ்சுச்சு, எல்லாம் எல்போ, டீ மாதிரி சின்ன சாமான், பழைய ரேட் 32 புது ரேட் 34ன்னு அழகா இருந்துச்சு, சரி அடிடான்னுட்டேன். காலைல 9:40 இருக்கும்.

11 மணிக்கு நம்ம ரெகுலர் பிளம்பர் ஒருத்தர் பில்ல கையில வச்சுக்கிட்டு "என்னண்ணே, இன்னைக்கு எனக்கு மட்டும் ஆடித் தள்ளுபடியா"ங்கிறார். பாத்தா 1,250 ரூவா பால் வால்வு ஆறும் சேத்து ஆறே ரூவா. ஆயிரத்துக்கு மேல உள்ள 137 ஐட்டமும் ஒத்த ரூவா, ரெண்டு ரூவான்னு நிக்குது. அவசரத்துல ஒம்போது வால்வ கையில திருத்துனேன், அப்பறம்தான் அன்டூன்னு ஒரு பட்டன் இருக்கிறது ஞாபகம் வந்து அமுக்குனேன். எல்லாம் பழையபடி வந்துச்சு, ஆனா 10 மணிக்கு போன் வந்து நான் மாத்தி வச்சிருந்த வயர் ரேட் நாலும் சேந்து பழசுக்குப் போயிருச்சு. அது ஃபைல்லயே கிடையாது! சாயங்காலம் வரைக்கும் பழைய ரேட்டுலயே வயர் போட்டுருக்கோம். ரேட்டு ஏன் ஒத்த ரூவா ஆச்சு, வயர் ஏன் மாறுச்சுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கீழமாசி மளிகை
எக்செல்லயே கன்ட்ரோல் இசட் அடிச்சா திரும்பிருமே அண்ணே, எதுக்கு இம்புட்டு பாடு?

சிம்மக்கல் பைப்புக்கடை
தம்பி, எக்செல்ல இல்ல, சாஃப்ட்வேருக்குள்ள ஏறிருச்சு. அங்கிட்டு கன்ட்ரோல் இசட் எல்லாம் எடுபடாது.

செல்லூர் கணக்கு
பதினஞ்சு வருசமா கடைகளுக்கு இந்த வேலதான் பாக்குறேன். உங்க ஃபைல நோட்பேட்ல திறந்து பாருங்க, இப்படித்தான் இருக்கும்:

```
code,rate
00118,34.00
00452,"1,250.00"
```

எக்செல்ல அந்த ரேட் காலத்துக்கு கமா ஃபார்மட் போட்டிருப்பாப்ல பையன். சிஎஸ்வியா சேவ் பண்றப்ப கண்ணுக்கு எப்படி தெரியுதோ அப்படியே, கமாவோட எழுதிரும். உங்க சாஃப்ட்வேர் அந்த நம்பர கமா வரைக்கும் படிச்சுட்டு நின்னுருச்சு, அதான் 1. 2,480 இருந்தா 2. அதுக்கு அது ஒரு நம்பர்தான், அதனால "பிழை 0". பிழை இல்லைங்கிறதுக்கும் ரேட் சரிங்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல.

பிரிவியூவுல முதல் 25 வரிய பாத்து ஒரு பிரயோசனமும் இல்லண்ணே. வித்தியாசம் சதவீதத்துல காட்டுற காலம் இருக்கான்னு பாருங்க, இருந்தா அத அமுக்கி ரொம்ப இறங்குனது மேல வர்ற மாதிரி அடுக்குங்க. 137 வரியும் -99 சொச்சம்னு வந்து நின்னுருக்கும். கம்பெனி 5-6 ஏத்துனான்னா 4க்கு கீழயும் 8க்கு மேலயும் உள்ளத மட்டும் பாத்தா போதும். சில சாஃப்ட்வேர்ல அந்த காலமே இருக்காது, அதுக்கு பழைய ரேட்ட முதல்ல எக்ஸ்போர்ட் பண்ணி எக்செல்லயே பக்கத்துல வச்சு கழிச்சுப் பாக்கணும், வேற வழியில்ல.

கீழமாசி மளிகை
கோடுன்னதும் ஞாபகம் வருது, எனக்கு வேற கூத்து. எங்க கோடு 00452ன்னு சைபர்ல ஆரம்பிக்கும், எக்செல் திறந்தாலே அத 452ன்னு ஆக்கிரும். கோடு கிடைக்கலன்னு சொல்லும்னு பாத்தா அதான் இல்ல, 452ன்னு எங்கிட்ட ஒரு ஊதுபத்தி இருந்துச்சு, கடலப்பருப்பு ரேட்ட அதுல ஏத்திருச்சு. பிரிவியூவுல ஃபைல்ல உள்ள பேரும் நம்மகிட்ட உள்ள பேரும் பக்கத்துல பக்கத்துல வந்தா அப்பவே புடிச்சிருப்பேன். இப்ப கோடு காலத்த டெக்ஸ்ட்னு சொல்லித்தான் இம்போர்ட் பண்றேன், ரெட்ட கிளிக் பண்ணி திறக்கிறதே இல்ல.

திருமங்கலம் ஃபேன்சி
நான் 2025 செப்டம்பர் 22ல மாட்டுனேன், ஜிஎஸ்டி குறைஞ்ச அன்னைக்கு. சோப்பு, ஷாம்பு, பேஸ்ட் எல்லாம் 18ல இருந்து 5க்கு வந்துச்சுல்ல, வரி சேந்த விலை 118 இருந்தா 105 ஆகணும், அதாவது 11.02 சதவீதம் இறங்கணும். எங்க அண்ணன் மகன் கோடு, சதவீதம்னு ரெண்டு காலம் போட்டு ஃபைல் பண்ணிக் குடுத்தான். பிரிவியூவுல லிப்ஸ்டிக், நெயில்பாலிஷும் -11.02ன்னு நின்னுச்சு, அது 18லயேதான் இருக்கு, நல்லவேளை பாத்து எடுத்துட்டேன். ஆனா அப்ளை அடிச்சதும் சுத்திக்கிட்டே இருந்துச்சா, போகலபோலன்னு மறுபடி ஏத்துனேன். ரெண்டு தடவ கழிஞ்சு 118 சாமான் 93.43ல நிக்குது!

மேலூர்காரன்
அக்கா, லேசுதான், 11.02 குறைச்சத திரும்ப 11.02 கூட்டிட்டா பழைய இடத்துக்கு வந்துரும். அன்டூ எல்லாம் தேவையே இல்ல.

செல்லூர் கணக்கு
வராது தம்பி. 93.43ல 11.02 கூட்டுனா 103.73தான் வரும், 105 வராது, கழிச்சது பெருசுல, கூட்டுறது சின்னதுல. 12.38 கூட்டணும். அப்பவும் ரவுண்டு பண்ணதுல பைசா இடிக்கும். அக்கா, நீங்க என்ன பண்ணீங்க?

திருமங்கலம் ஃபேன்சி
ஒரே ஒரு தடவ அன்டூ அடிச்சேன், கடைசியா ஏத்துனது மட்டும் போயி 105ல நின்னுச்சு. அதுல இருந்து சதவீத ஃபைலே வேணாம்னு சொல்லிட்டேன், முடிஞ்ச ரேட்டையே எழுதிக் குடுடான்னு. அப்படி இருந்தா ரெண்டு தடவ ஏறுனாலும் அதே ரேட்டுதானே. ஆனா ஸ்டிக்கர் 40 சாமானுக்கு 93.43ன்னு அடிச்சு ஒட்டியாச்சு, அத அன்டூ பண்ண யாரு இருக்கா, ராத்திரி உக்காந்து நாந்தான் உரிச்சேன்.

சிம்மக்கல் பைப்புக்கடை
என் வயர் கேள்வி அப்படியே கிடக்கு.

செல்லூர் கணக்கு
வர்றேண்ணே. அன்டூல பல ரகம். ஒண்ணு, ஏத்துறதுக்கு முன்னாடி மொத்த ரேட் லிஸ்ட்டையும் காப்பி எடுத்து வச்சு, அமுக்குனா அத அப்படியே திரும்ப வைக்கும். உங்களது அந்த ரகம், அதான் வயர் போச்சு. இன்னொண்ணு, ஃபைல் எந்த ஐட்டத்த எதுல இருந்து எதுக்கு மாத்துச்சுன்னு வரிவரியா குறிச்சு வைக்கும், அமுக்குனா அத மட்டும் திருப்பும். அதுலயும் நல்ல ரகம், திருப்புறதுக்கு முன்னாடி இப்ப உள்ள ரேட்டு நான் வச்சதுதானான்னு பாக்கும், நடுவுல யாராச்சும் கையில மாத்தியிருந்தா தொடாம தனியா லிஸ்ட் போட்டுக் காட்டும்.

எந்த ரகம்னு பாக்க கட மூடுனப்பறம் பத்து நிமிசம் போதும். விக்காத மூணு ஐட்டம் எடுங்க, ரெண்ட ஃபைல்ல ஏத்துங்க. ஏத்துன ரெண்டுல ஒண்ணையும், ஃபைல்ல இல்லாத மூணாவதையும் கையில மாத்துங்க. அப்பறம் அன்டூ.

மேலூர்காரன்
நேத்து ராத்திரி பேக்கப்ப ரீஸ்டோர் பண்ணிட்டா?

செல்லூர் கணக்கு
ரேட்டு வரும், காலைல போட்ட பில்லு அத்தனையும் காணாமப் போகும், ஸ்டாக்கும் தப்பாகும். அன்டூ பில்ல தொடாது, தொடவும் கூடாது. ஒத்த ரூவாய்க்குப் போட்ட பில்ல நீங்கதான் தேடி திருத்தணும். 9:40ல இருந்து அன்டூ அடிச்ச நேரம் வரைக்கும் போட்ட பில்ல எடுத்துப் பாருங்க.

சிம்மக்கல் பைப்புக்கடை
பாத்தேன், மூணு பில்லு. பிளம்பர் மிச்சத்த குடுத்துட்டார், இன்னொருத்தர் தெரிஞ்சவர். மூணாவது ரொக்கம், பேரு இல்ல, ரெண்டு வால்வு, 2,498 போச்சு. நேத்து ராத்திரி டெஸ்ட்டும் பண்ணேன், மூணும் பழசுக்கே போயிருச்சு, நீங்க சொன்னதுதான். இனி ஏத்துற அன்னைக்கு கட திறக்கிறதுக்கு முன்னாடி, வேற யாரும் ரேட்ட தொடக்கூடாதுன்னு சொல்லிருக்கேன்.

கீழமாசி மளிகை
என்னதுல அன்டூ மறுநாள் காலைல மங்கலாகிருது, அமுக்க முடியல. இது எல்லாருக்கும் அப்படித்தானா, இல்ல எனக்கு மட்டுமா?