லண்டன் வந்து 4 நாள்: ரெண்டு பின் சார்ஜர், பொசுங்கின வாடை, உதவி ப்ளீஸ்

ஈஸ்ட்ஹாம்_புதுவரவு: ஷேரிங் ரூம்ல இருக்கேன். ஊர்ல இருந்து கொண்டு வந்த ரெண்டு பின் சார்ஜர் இங்க சாக்கெட்ல நுழையல. ரூம்மேட் சொன்னபடி பேனா மூடியை மேல் ஓட்டைல குத்திப் பிடிச்சுக்கிட்டு சொருகினேன், போயிருச்சு. ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. இன்னிக்கு கிர்ர்னு சத்தம், லேசா பொசுங்கின வாடை. ஓனர்கிட்ட சொன்னா டெபாசிட்ல கை வைப்பாரா?

யாழ்ப்பாணத்தான்: தம்பி, பயப்பிடாதையும். நாங்கள் ஊரிலயே பேனையால குத்தித்தான் செருகிறனாங்கள். ஒருத்தரும் சாகேல்லை.

மதுரைமல்லி: சார்ஜர்ல சதுரத்துக்குள்ள சதுரம் போட்ட குறி இருக்கா பாருங்க. இருந்தா எர்த்தே தேவையில்லை. தாராளமா சொருகலாம்.

பழையகுளிர்: நான் வந்த மொத ஜனவரில ராத்திரி 11 மணிக்கு பிரீபெய்டு கரண்ட் மீட்டர்ல காசு தீர்ந்து போச்சு. டாப்-அப் பண்ண கடையும் மூடிட்டான். ஜாக்கெட்டோட படுத்தேன். சார்ஜர் எல்லாம் ஒரு கவலையா?

மதுரைமல்லி: டெபாசிட்டைப் பத்தி பேசவே வேணாம். என் பழைய ஓனர் சுவத்துல ஒரு ஆணி அடிச்சதுக்கு 80 பவுண்டு பிடிச்சாரு.

வயர்மேன்_குரோய்டன்: டெபாசிட் கதை அப்புறம். தம்பி, மொதல்ல அந்த சாக்கெட் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. சுவிட்சே சூடா இருந்தா அதைத் தொடாம, ஃபியூஸ் பாக்ஸ்ல அந்த லைனை இறக்கிடுங்க. அதுக்கப்புறம்தான் சார்ஜரை உருவணும்.

மல்லி சொன்னது பாதி சரி. அந்தக் குறி உள்ள ஒழுங்கான சார்ஜருக்கு எர்த் வேண்டாம். ஆனா இங்க பிரச்சனை எர்த் இல்ல, பிடிமானம். இந்த ஊர் சாக்கெட்டுக்குள்ள இருக்கிற பித்தளைத் தகடு தட்டைப் பின்னைக் கவ்வுறதுக்குச் செஞ்சது. உங்க சார்ஜர் பின் உருண்டை, 4 மில்லிமீட்டர்தான். தகடு அதை ஓரமா தொட்டும் தொடாமலும் நிக்கும். அந்த இடைவெளியில பொறி பறக்குறதுதான் கிர்ர் சத்தம். மேல் ஓட்டைல நீளமான எர்த் பின் போனாதான் கீழ் ஓட்டை ரெண்டோட மூடியும் திறக்கணும்னு வச்சிருக்காங்க. அந்தப் பூட்டைத்தான் பேனா மூடியால உடைச்சிருக்கீங்க.

ஃபியூஸ் பாதுகாப்பும் போச்சு. இங்க ஒவ்வொரு பிளக்குக்குள்ளயும் ஒரு குட்டி ஃபியூஸ் இருக்கும். உங்களுக்கு அது இல்ல. பின்னாடி பிரேக்கர் பெரும்பாலும் 32 ஆம்ப். மெல்லிசு வயர் எரிஞ்சாலும் அது சில நேரம் சும்மா இருக்கும்.

ஈஸ்ட்ஹாம்_புதுவரவு: ஆஃப் பண்ணிட்டேன் அண்ணா. வலது பக்க ஓட்டை ஓரம் பழுப்பா இருக்கு. இன்னொண்ணு சொல்லல. பக்கத்து சாக்கெட்ல, சென்னைல பிளாட்ஃபாரத்துல வாங்கின அடாப்டர் போட்டு ரைஸ் குக்கர் ஓடுது. ரெண்டு ஓட்டைதான் இருக்கு, குக்கரோட பெரிய பின் வெளிய தொங்குது.

வயர்மேன்_குரோய்டன்: இதை மொத போஸ்ட்லயே சொல்லியிருக்கணும்! சார்ஜரைவிட இதுதான் எனக்குப் பயம். குக்கர் உடம்பு இரும்பு. உள்ள ஒரு வயர் உரிஞ்சு உடம்புல பட்டா, எர்த் இருந்தா கரண்ட் அது வழியா ஓடி உடனே ட்ரிப் ஆகும். இப்போ எர்த் இல்ல, ட்ரிப் ஆகாது. குக்கர் பாட்டுக்கு சோறு வடிக்கும், உடம்பு முழுக்க 230 வோல்ட். ஈரக்கையோட மூடியைத் திறக்கிறவங்கதான் எர்த் ஆவாங்க. 30 மில்லிஆம்ப்ல துண்டிக்கிற ஆர்சிடி இருந்தா அப்போ அது தானா ட்ரிப் ஆகலாம். பழைய பாக்ஸ்ல அதுவும் இருக்காது. சில அடாப்டர்ல மூணாவது பின் வெறும் பிளாஸ்டிக், சாக்கெட் மூடியைத் திறக்க மட்டும்.

யாழ்ப்பாணத்தான்: எங்கட மடிக்கணினியைத் தொட்டாலும் விரல் சுர்ரெண்டுது. அதுவும் இதுதானோ?

வயர்மேன்_குரோய்டன்: அனேகமா சார்ஜர்ல இருந்து வர்ற சின்னக் கசிவு அண்ணை. எர்த் பின் உள்ள கேபிள் போட்டா பெரும்பாலும் போயிடும். இல்லேன்னா சார்ஜரைக் காட்டணும்.

தம்பி, குக்கர் வயர் கழட்டற மாதிரி, முனை கம்ப்யூட்டர் வயர் மாதிரி இருந்தா, இங்கயே மூணு பின் வயர் வாங்குங்க. இல்லேன்னா அதை ஓரங்கட்டுங்க. போன் சார்ஜருக்கு இங்கத்திய பிளக் உள்ள ஒண்ணை வாங்குறதே நல்லது. பழசையே வச்சுக்கணும்னா, அதை உள்ள வச்சு ஸ்குரூ போட்டு மூடுற கன்வெர்ஷன் பிளக் கேளுங்க, ஃபியூஸ் உள்ளயே இருக்கும்.

மதுரைமல்லி: அந்த பழுப்பு சாக்கெட்டைத் துடைச்சிட்டு, நல்ல பிளக் போட்டா ஓடாதா?

வயர்மேன்_குரோய்டன்: தகடு விரிஞ்சிருந்தா நல்ல பிளக்கும் சூடாகும். சாக்கெட்டையே மாத்தணும். ஓனருக்கு இன்னிக்கே போட்டோவோட எழுதுங்க. வாடகை வீட்டு வயரிங்கை 5 வருஷத்துக்கு ஒருக்கா செக் பண்ண வைக்கிறது இங்கிலாந்துல அவர் பொறுப்பு. அந்த ரிப்போர்ட்டையும் கேளுங்க.

பழையகுளிர்: ரிப்போர்ட் கேட்டா ரூமைக் காலி பண்ணச் சொல்வான்.

ஈஸ்ட்ஹாம்_புதுவரவு: மெசேஜ் போட்டுட்டேன், பேனா மூடி விஷயத்தையும் சொல்லிட்டேன். பதில் வரல. போன் 11%. ரூம்மேட்டோட இங்கத்திய சார்ஜர் கேட்டிருக்கேன்.