வெள்ளி பூசிய காலுறை, நாற்றம் தடுக்கும் பனியன்: துவைக்கத் துவைக்க என்ன ஆகிறது? உங்கள் அனுபவம்

மலையோட்டன்
காலுறையும் ஓட்டத்துக்கான பாலியஸ்டர் பனியனும் ஒன்றாக வாங்கினேன். இரண்டின் அட்டையிலும் ‘வெள்ளி அயனி, 50 சலவை வரை’ என்று அச்சிட்டிருந்தார்கள். காலுறை இன்றும் நன்றாக இருக்கிறது. பனியன்தான் கவலை தருகிறது. துவைத்து உலர்த்தி மூக்கருகே பிடித்தால் எந்த வாடையும் இல்லை. போட்டுக்கொண்டு ஓடி உடல் சூடானதும், வியர்வை ஊறுவதற்கு முன்பே அக்குளில் பழைய நாற்றம் எழுகிறது. 50 சலவைக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. வெள்ளி போய்விட்டதா, இருந்தும் வேலை செய்யவில்லையா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

நீலவானம்
போய்விட்டது என்பதுதான் பதில். 2008-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெள்ளிக் காலுறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். நான்கே அலசலில் வெள்ளி ஏறக்குறைய முழுவதும் தண்ணீரோடு வந்துவிட்டது. அதைப் படித்த பிறகு இந்த அட்டைகளை நான் நம்புவதில்லை. என் காலுறைகளும் சில மாதங்களில் சாதாரணக் காலுறை போலவே ஆகிவிட்டன.

சோதனைக்கூடத்தார்
ஜவுளிச் சோதனைக்கூடத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீலவானம் சொல்லும் ஆய்வு உண்மைதான். ஆனால் அதே ஆய்வில் வேறு சில காலுறைகள் ஒரு சதவீத வெள்ளியைக்கூட விடவில்லை. வெள்ளி துணியில் எப்படி ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. நைலான் நூலின் மேல் உலோகமாகவே படிய வைத்திருக்கலாம், இழை உருகிய நிலையில் இருக்கும்போதே உள்ளே கலந்திருக்கலாம், அல்லது நெய்து முடித்த துணியை வெள்ளி உப்பும் பசையும் கலந்த கரைசலில் முக்கிப் பிழிந்திருக்கலாம். மூன்றாவதுதான் மலிவானது. பசை உரசலில் தேயும்போது வெள்ளியும் துகள் துகளாக அதோடு போய்விடும். மலையோட்டனின் காலுறை முதல் வகையாகவும் பனியன் மூன்றாவது வகையாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். அட்டையில் இதை யாரும் சொல்வதில்லை, அதுதான் என் நெடுநாள் ஆதங்கம்.

துணியிலிருந்து சிறிதும் விலகாத வெள்ளியால் பயனும் இல்லை. ஈரம் பட்டதும் அதிலிருந்து பிரிந்து வரும் அயனிதான் பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது. ஆகவே வேலை செய்யும் வெள்ளி மெல்ல மெல்லக் குறைந்துகொண்டுதான் இருக்கும்.

இனி அந்த ‘50 சலவை’. அமெரிக்க ஜவுளி வேதியியலாளர் சங்கத்தின் 61-ஆம் எண் சோதனை என்று ஒன்று உண்டு. சிறு துணித் துண்டை எஃகுக் குப்பியில் சோப்புக் கரைசலோடும் 50 எஃகுக் குண்டுகளோடும் அடைத்து, வெந்நீரில் 45 நிமிடம் சுழற்றுவோம். அது வீட்டில் ஐந்து முறை துவைப்பதற்குச் சமம் என்று கணக்கு. பத்து முறை சுழற்றினால் 50 சலவை! பிறகு அந்தத் துண்டின் மேல் பாக்டீரியாக் கரைசலை ஊற்றி, உடல் சூட்டில் ஒரு நாள் ஈரமாகவே வைத்திருந்து, எத்தனை உயிரோடு மிஞ்சின என்று எண்ணுவோம். இதில் எந்தப் பொய்யும் இல்லை. ஆனால் இரண்டு சலவைகளுக்கு நடுவே அந்தத் துண்டை யாரும் உடுத்தவில்லை. வியர்வை, தோலின் எண்ணெய், உப்பு எதுவும் அதன்மேல் படவில்லை. அந்த எண்ணிக்கையைப் படிக்கும்போது இதை மனத்தில் வையுங்கள்.

கம்பிச்சுருள்
பூச்சு நூலாக இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளி பூசிய நூல் மின்சாரத்தைக் கடத்தும். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சாம்பல் நிற நூலின் மேல், விரற்கடை இடைவெளியில் அழுத்திப் பிடியுங்கள். என் காலுறையின் மேற்பாதத்தில் சில ஓம் மட்டுமே காட்டியது. குதிகாலில் மீட்டர் அசையவே இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் குதிகால் நூலின் சாம்பல் நிறம் திட்டுத் திட்டாக உதிர்ந்து, வெள்ளை நைலான் தெரிந்தது. சில இடங்களில் கறுத்தும் இருந்தது. ஆக, குதிகாலில் வெள்ளியே இல்லை.

சோதனைக்கூடத்தார்
அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள், கம்பிச்சுருள். முடிவை மட்டும் திருத்துகிறேன். பூச்சு நடுநடுவே அறுந்தாலே மின்சாரம் நின்றுவிடும். ஆனால் மிஞ்சிய திட்டுகளிலிருந்து அயனி வந்துகொண்டுதான் இருக்கும். கறுத்த இடம் வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்தது. அது மிகக் குறைவாகவே கரையும், எனவே அங்கே பயனும் குறைவு. முக்கி எடுத்த பனியனில் மீட்டர் முதல் நாளிலேயே எதையும் காட்டாது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தாமரைக்குளம்
எனக்குக் கால் விரலிடுக்கில் அரிப்பும் தோல் உரிதலும் இருக்கிறது. வெள்ளிக் காலுறை போட்டால் குணமாகுமா? இரண்டு ஜோடி வாங்கலாம் என்றிருக்கிறேன்.

சோதனைக்கூடத்தார்
அம்மா, அது பெரும்பாலும் பூஞ்சை. இந்தத் துணிகள் பெரும்பாலும் பாக்டீரியாவை வைத்துத்தான் சோதிக்கப்படுகின்றன, அதுவும் துணியில் நாற்றம் வராமல் இருக்கிறதா என்பதற்காக. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். காலுறையை மருந்தாக நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

பந்தாட்டத்தாய்
என் இரு பிள்ளைகளும் கால்பந்து ஆடுகிறார்கள். ஒருவன் சட்டை சீக்கிரம் நாறியது, இன்னொருவனுடையது நாறவில்லை. இரண்டும் ஒரே துணி. நாறிய சட்டையை அவன் பாட்டி வீட்டில் துவைக்கிறார்கள், கடைசி அலசலில் வாசனைக் கண்டிஷனர் ஊற்றுவார்கள். அதுதான் காரணமா?

சோதனைக்கூடத்தார்
அதன்மேல்தான் எனக்கும் சந்தேகம். கண்டிஷனர் இழையின் மேல் வழவழப்பான படலமாகத் தங்கிவிடும். துவைத்தும் போகாத உடல் எண்ணெயும் அதோடு சேர்ந்தால் வெள்ளி இருந்தும் ஈரம் அதை எட்டாது. மலையோட்டனின் பனியனுக்கும் இதையே சொல்வேன். பாலியஸ்டர் தண்ணீரை ஏற்காது, எண்ணெயை இறுகப் பற்றும். எண்ணெயில் கரைந்து கிடக்கும் நாற்றம் குளிர்ந்த துணியில் தெரியாது, உடல் சூடு பட்டதும் கிளம்பும். அது ஏற்கெனவே உண்டான நாற்றம். வெள்ளியால் பாக்டீரியாவைத்தான் தடுக்க முடியும், கிளம்பிவிட்ட நாற்றத்தை அல்ல. உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, வெதுவெதுப்பான நீரில் போதிய சோப்போடு ஊறவைத்துத் துவையுங்கள். கண்டிஷனரை அறவே விடுங்கள்.

மலையோட்டன்
வெந்நீரில் ஆக்சிஜன் பிளீச் தூள் போட்டு ஊறவைத்தேன். நாற்றம் பெருமளவு குறைந்தது.

சோதனைக்கூடத்தார்
குறையும். ஆனால் அதே தூள் உலோக வெள்ளியை ஆக்சிஜனேற்றம் செய்து கரைத்துவிடும். காலுறைக்கு அதைப் போடாதீர்கள். பனியனில் போவதற்கு வெள்ளி எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும் என்பது ஐயமே. இரண்டில் ஒன்று என்றால் நான் சுத்தமான துணியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நீலவானம்
எனக்கு அதில் உடன்பாடில்லை, ஐயா. வெள்ளிக்காக அதிகப் பணம் கொடுத்தவர் அதைக் கரைத்து ஊற்றிவிட வேண்டும் என்றால், அந்தப் பூச்சைப் பாலியஸ்டர் பனியனில் விற்பதே தவறு என்றுதானே ஆகிறது?

சோதனைக்கூடத்தார்
முக்கி எடுத்த வகையைப் பொறுத்தவரை நானும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறேன். இழைக்குள் கலந்த பாலியஸ்டர் பனியனை யாராவது நெடுநாள் உடுத்தியிருந்தால், அதன் அக்குள் பகுதி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அதைக் கேட்ட பிறகே அந்த வகையைப் பற்றிப் பேசுவேன்.