50 டாலர் பெட்டிப் பதிப்பில் மிஞ்சுவது எவ்வளவு? கிக்ஸ்டார்ட்டர் அனுபவங்கள்

கோட்டைவாசல்: மூவர் குழுவாக, முறை வைத்து ஆடும் கணினி வியூக விளையாட்டு ஒன்றுக்குக் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டினோம். விளையாட்டை முடிக்க 24,000 டாலர் தேவை என்பதால், முதல் வரைவில் இலக்கு 30,000 என்று இருந்தது. அறிவிப்புக்கு முன் ஒவ்வொரு வெகுமதி அடுக்கிலும் கையில் நிற்கும் தொகையைத் தனியாகக் கணக்கிட்டோம். டிஜிட்டல் பிரதி மட்டும் தரும் 20 டாலர் அடுக்கில், தளத்திற்கு 5 சதவீதமும், பணப் பரிமாற்றத்திற்கு 3 சதவீதத்தோடு 20 சென்டும் போக 18.20 நின்றது. பெட்டி, துணி வரைபடம், அச்சுக் கையேடு ஆகியவை கொண்ட 50 டாலர் அடுக்கிலோ, கட்டணம் போக நின்ற 45.80 டாலரிலிருந்து தயாரிப்புக்கு 14, அஞ்சலுக்கு 18, சேதமானவற்றுக்கு மாற்று அனுப்ப 2 எனக் கழித்தால் வெறும் 11.80தான். இலக்கில் பாதி பெட்டிகளாலும் பாதி டிஜிட்டலாலும் நிறைந்தால், பக்கத்தில் 30,000 என்று காட்டும். விளையாட்டை உருவாக்கக் கிடைப்பதோ 17,190. ஆகவே பெட்டியின் விலையை 70 ஆக்கி, இலக்கையும் உயர்த்தினோம்.

நாலாம்படை: இலக்கை உயர்த்தியிருக்கவே வேண்டாம். 2012இல் எஃப்டிஎல் விளையாட்டை உருவாக்கிய இருவர் 10,000 டாலர்தான் கேட்டார்கள், 2,00,542 கிடைத்தது. சிறிய இலக்கு விரைவில் நிறைந்தால் ஆதரவாளர்கள் தாமாகவே பெருகுவார்கள்.

பழைய காய்: எங்களுடையது பலகை விளையாட்டு. ஆலை 1,000 பெட்டிகளுக்குக் குறைந்து அச்சிட மறுத்ததால், பெட்டி அடுக்கைத் தவிர்க்கும் பேச்சுக்கே எங்களுக்கு இடமில்லை. உங்கள் ஆலை எவ்வளவு கேட்டது?

கணக்கர்: பழைய காய் அவர்களே, கேள்வி கணினி விளையாட்டைப் பற்றியது, அங்கே பெட்டி என்பது விருப்பத்திற்குரியதே. நாலாம்படை சொல்வதில் பாதி சரி. எஃப்டிஎல் குழுவினர் தங்கள் சேமிப்பைக் கொண்டு பெரும்பகுதியை உருவாக்கிய பிறகே நிதி கேட்டார்கள். 10,000 மட்டுமே கிடைத்திருந்தாலும் அவர்களால் முடித்திருக்க இயலும். பாதிக் கட்டத்தில் இருக்கும் குழுவுக்கு, இலக்கு மட்டும் நிறைந்து நிற்பதுதான் ஆபத்து. பணம் போதாவிட்டாலும் வாக்கைக் காப்பாற்றியாக வேண்டும். அஞ்சல் கட்டணத்தைத் தளத்திலேயே வசூலித்தால் அது இலக்கோடு சேர்ந்து எண்ணப்படும், அதற்கும் கட்டணம் பிடிக்கப்படும். ஆகவே பெட்டிகள் அனுப்பத் தயாராகும் சமயத்தில், அன்றைய விலையில் தனியே வசூலிப்பது நல்லது. முகவரி கேட்கும் படிவத்திற்குச் சிலர் பதிலளிக்கவே மாட்டார்கள் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும்.

கோட்டைவாசல்: அஞ்சலைப் பிரித்திருந்தால் 50 டாலரிலும் 29.80 நின்றிருக்கும், ஆனால் பின்னால் இன்னொரு தொகை கேட்டால் ஆதரவாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எங்கள் ஓவியர் இன்றும் வாதிடுகிறார்.

புதுத்தளபதி: 250 டாலர் கொடுப்பவர் ஒரு படைத்தலைவரை வடிவமைக்கலாம் என்ற அடுக்கை யாராவது வைத்திருக்கிறீர்களா? அஞ்சல் செலவு இல்லை என்றாலும், ஒவ்வொருவரோடும் பேசி, வரைந்து, ஆட்டத்தின் சமநிலை குலையாமல் சேர்ப்பதற்கு எத்தனை நாள் ஒதுக்கினீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கணக்கர்: பத்துப் பேருக்கு மேல் திறக்காதீர்கள். நாள் கணக்கு விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடும். முதலில் ஒரு தலைவரை நீங்களே முழுமையாக உருவாக்கி நேரம் பாருங்கள்.