கலைச்சொல் விவாதம்: சனி, ஞாயிறை வாங்காத கலத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

பேரேடு:

வணக்கம். விரிதாள் கையேட்டில் ஒரு தலைப்பு இழுத்துக்கொண்டே இருக்கிறது. பயிற்சி அறைக்கான முன்பதிவுத் தாள், B2 முதல் B200 வரை தேதி. சனி, ஞாயிறு தேதியைத் தட்டினால் கலம் அதை ஏற்கக் கூடாது. B2-இல் தொடங்கி B200 வரை தேர்ந்தெடுத்து, `Data > Data Validation` போய், `Allow` பெட்டியில் `Custom` வைத்து, இதை எழுதச் சொல்கிறோம்:

```
=WEEKDAY(B2,2)<6
```

அந்த 2 இருந்தால் திங்கள் 1, ஞாயிறு 7. செய்முறை சரி, பெயர்தான் உதைக்கிறது. வேலிடேஷனுக்குப் பழைய வரைவில் 'செல்லுபடியாக்கம்', வீக்டேக்கு 'வாரநாள்'. "வாரநாள் செல்லுபடியாக்க விதி" என்று ஒட்டிப் பார்த்தால் ஏதோ அரசாணைத் தலைப்பு மாதிரி இருக்கிறது. மாற்றுச் சொல் வேண்டும்.

ஓலைச்சுவடி:

இரண்டுமே மாறவேண்டும் என்பேன், வெவ்வேறு காரணத்துக்காக.

செல்லாதது என்றால் 31-02-2025. அப்படி ஒரு நாளே கிடையாது. ஆனால் 03-08-2025 செல்லுபடியாகிற தேதிதான், ஞாயிறு என்பதால் இந்தத் தாள் அதை வேண்டாம் என்கிறது, அவ்வளவே. "செல்லாத தேதி" என்று திரையில் வந்தால், தட்டியவர் தேதியைத் தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்து அதையே மூன்று தடவை திரும்ப அடிப்பார். இங்கே நடப்பது ஏற்பதும் மறுப்பதும். ஆகவே 'ஏற்பு விதி'.

'வாரநாள்' இன்னும் மோசம். `WEEKDAY` என்ற சார்பு ஏழு நாளுக்கும் எண் தரும், ஞாயிறுக்கும்தான். அதற்குத் தமிழில் சொல் உருவாக்கவே வேண்டாம், 'கிழமை' கைவசம் இருக்கிறது. `WEEKDAY` தருவது கிழமை எண். அதில் அலுவல் நடக்கிறவை 'வேலைக்கிழமை'. முழுப் பெயர்: வேலைக்கிழமை ஏற்பு விதி.

நேர்வழி:

எதற்கு இவ்வளவு சுற்று? 'சரிபார்ப்பு' எல்லாருக்கும் தெரியும். "கிழமைச் சரிபார்ப்பு" என்று போட்டு முடியுங்கள். அந்த 2-உம் வேண்டாம், `=WEEKDAY(B2)<6` என்றாலே ஓடும். படிக்கிறவரைப் பயமுறுத்தாதீர்கள்.

ஓலைச்சுவடி:

ஓடும், தப்பாக ஓடும். 2 இல்லாவிட்டால் ஞாயிறு 1, வெள்ளி 6, சனி 7. உங்கள் விதி சனியை மறுக்கும், அதனால் பார்வைக்குச் சரியாகத் தெரியும். கூடவே வெள்ளியையும் மறுக்கும், ஞாயிறை உள்ளே விடும். சனிக்கிழமையை மட்டும் போட்டுச் சோதித்தவருக்கு இது பிடிபடாது. வெள்ளி ஒன்று, ஞாயிறு ஒன்று போட்டுப் பார்க்கவேண்டும்.

'சரிபார்ப்பு' எளிய சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெரிஃபிகேஷனுக்கு அதைக் கொடுத்தாயிற்று: ஆவணச் சரிபார்ப்பு, கையொப்பச் சரிபார்ப்பு. மேலும் சரிபார்ப்பது நுழைந்த பிறகு நடப்பது, இந்த விதியோ வாசலிலேயே நிற்கிறது.

ரியாத் வாசகர்:

எனக்கு இது வேலைக்கு ஆகவில்லை ஐயா. இங்கே விடுமுறை வெள்ளி, சனி. பேரேடு ஐயாவின் விதியைப் போட்டேன். வெள்ளிக்கிழமை முன்பதிவு உள்ளே போகிறது, ஞாயிறு போகவில்லை. விதி பழுதா?

ஓலைச்சுவடி:

பழுதில்லை. அது சனி, ஞாயிறு விடுமுறைக்கு எழுதியது. உங்களுக்கு வேண்டியது ஞாயிறு முதல் வியாழன் வரை, அதாவது 2 இல்லாத எண்ணில் 1 முதல் 5 வரை. வேடிக்கை என்னவென்றால், நேர்வழி தந்த `=WEEKDAY(B2)<6` உங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தும்! பெயரில் 'திங்கள்–வெள்ளி' வரக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். 'வேலைக்கிழமை' என்றால் எந்த ஊரிலும் நிற்கும்.

பேரேடு:

'வேலைநாள்' என்று சுருக்கினால் என்ன?

கட்டத்தாள்:

சுருக்கக் கூடாது அண்ணா. 15-08-2025 வெள்ளிக்கிழமை. வேலைக்கிழமைதான், வேலைநாள் இல்லை. கிழமையை மட்டும் பார்க்கிற விதி அதை வாங்கிக்கொள்ளும். விடுமுறைப் பட்டியலை F2:F20-இல் வைத்து `COUNTIF($F$2:$F$20,B2)=0` என்பதையும் சேர்த்தால்தான் அது வேலைநாள் விதி. இரண்டு சொல்லும் தேவை.

செய்முறையில் இரண்டு ஓட்டை இருக்கிறது, கையேட்டில் அவசியம் வரவேண்டும். ஒன்று: கலத்தில் வெறும் 5 தட்டிப் பாருங்கள். விரிதாளுக்குத் தேதி என்பது ஓர் எண், எக்ஸலில் 5 என்றால் 05-01-1900. அதன் கணக்கில் அது வியாழன், ஆகவே விதி விட்டுவிடும். கீழ்வரம்பு வைக்கவேண்டும்:

```
=AND(ISNUMBER(B2),B2>=DATE(2025,1,1),WEEKDAY(B2,2)<6)
```

`ISNUMBER` எதற்கு என்றால், முன்னால் மேற்கோள் குறி போட்டு எழுத்தாக நுழைத்த தேதியையும் `WEEKDAY` தானே தேதியாக்கிக்கொண்டு ஏற்றுவிடும்.

இரண்டாவது ஓட்டை தொந்தரவு பிடித்தது. சிலர் B என்ற தலைப்பைச் சொடுக்கி முழு நெடுவரிசையையும் பிடிப்பார்கள். அப்போது முனைப்பில் இருக்கிற கலம் B1. விதியில் B2 என்று எழுதினால் ஒவ்வொரு கலமும் தனக்குக் கீழே இருப்பதைப் பார்க்கும். B5-இல் ஞாயிறு தேதி போட்டால் அது B6-ஐப் பார்க்கும், B6 காலி. `Ignore blank` குறியிட்டிருந்தால், விதி பார்க்கிற கலம் காலி என்றால் எதைப் போட்டாலும் விட்டுவிடும். "விதி இருக்கிறது, வேலை செய்யவில்லை" என்று வருகிற புகார்களில் முதலில் இதைத்தான் பார்ப்பேன். B5-இல் நின்று `Data Validation`-ஐத் திறந்தால் சூத்திரத்தில் B5 இருக்கவேண்டும். B6 இருந்தால் அதுதான் கோளாறு.

நேர்வழி:

சரி, 2-ஐ விட்டது என் தப்பு. ஆனால் 'ஏற்பு' என்றால் வாசகருக்கு 'ஏற்கிறேன்' பொத்தான்தான் நினைவுக்கு வரும். ஒட்டினால் விதியைத் தாண்டிப் போகிறதே, அது ஏற்பா மறுப்பா?

கட்டத்தாள்:

இரண்டும் இல்லை, கேட்கவே இல்லை. வேறு கலத்தை நகலெடுத்து அப்படியே ஒட்டினால் இங்கிருந்த விதியே அழிந்துவிடும், பிறகு தேடியும் பயனில்லை. மதிப்பை மட்டும் ஒட்டினால் விதி இருக்கும், ஆனால் சோதிக்காது. அப்படி நுழைந்ததை `Circle Invalid Data` சிவப்பு வட்டமிட்டுக் காட்டும். அதற்கு 'மீறலை வட்டமிடு' என்று வைக்கலாம். 'ஏற்பு விதி' இருந்தால்தான் 'விதிமீறல்' இயல்பாக வருகிறது.

கணினியின் தேதி வரிசை மாதம் முன்னால் என்றிருந்தால் 05/07/2025 மே 7 ஆகிவிடும். அது புதன், ஏற்கும். தட்டியவர் நினைத்ததோ ஜூலை 5, சனி. இதை எந்த விதியாலும் பிடிக்க முடியாது. தேதிக்குப் பக்கத்தில் கிழமையும் தெரிகிற மாதிரி கலத்தை `ddd dd-mm-yyyy` என்று வடிவமைத்தால் கண்ணில் படும்.

பேரேடு:

'கிழமை எண்', 'வேலைக்கிழமை', 'வேலைநாள்' மூன்றையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். 'ஏற்பு விதி'க்கு இரண்டு பேர் ஆதரவு, 'சரிபார்ப்பு'க்கு ஒருவர். அதைத் திறந்தே வைக்கிறேன். மறுப்புச் செய்திக்கு இப்போதைக்கு: "இது ஞாயிறு அல்லது சனி. வேலைக்கிழமைத் தேதி ஒன்றைத் தாருங்கள்."

ரியாத் வாசகர்:

எங்கள் தாளில் அந்தச் செய்தியிலும் 'ஞாயிறு' வரக் கூடாது ஐயா.